புதன்கிழமை கணக்கு வகுப்பு இல்லை: குழுவில் என்ன எழுதுவது, எதைத் திருப்பிப் பார்க்கச் சொல்வது?

"எங்கள் வகுப்புக்கு நான்தான் பிரதிநிதி. புதன்கிழமை வகுப்புக்கு வர முடியாது, எல்லோரிடமும் சொல்லிவிடு என்று கணக்கு சார் மெசேஜ் போட்டிருக்கிறார். அணிக்கோவை முடிந்துவிட்டது, அடுத்து ஐகன் மதிப்பு ஆரம்பிக்க வேண்டியது. வாட்ஸ்அப் குழுவில் எப்படி எழுதுவது? அந்த நேரத்தில் எதைப் படிக்கச் சொல்வது?"

குழுவில் எழுதுவதற்கு முன்னால் சாருக்கு ஒரு பதில் போட வேண்டியிருக்கிறது. அவர் சொன்னது "வர முடியாது" என்பதுதான். வகுப்பு ரத்தா, அவருக்குப் பதிலாக வேறொருவர் வந்து எடுப்பாரா, வேறு நாளுக்குத் தள்ளிப்போகிறதா என்பது அதில் இல்லை. நான் முதலாண்டு மாணவர்களுக்குக் கணக்கு எடுப்பவன். நான் லீவு போடும் நாளில் சில சமயம் துறையில் வேறொருவரை அனுப்பி விடுவார்கள், அது எனக்கே பிறகுதான் தெரியவரும். பிரதிநிதி அவசரப்பட்டு "கிளாஸ் கேன்சல்" என்று போட்டுவிட்டால், வந்தவர் காலி அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். வருகைப்பதிவில் யாருமே இல்லை என்று பதிவாகியிருந்தால், அதைச் சரிசெய்ய நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

பதில் சுருக்கமாக இருக்கட்டும். ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கும்படி கேட்டால் உடல்நிலை சரியில்லாதவர்கூடப் பதில் போட்டுவிடுவார். உங்கள் வகுப்பின் நேரம் எனக்குத் தெரியாது. மாதிரிக்கு மார்ச் 12 புதன், காலை 10 மணி என்று வைத்துக்கொள்கிறேன்.

> வணக்கம் சார். மார்ச் 12 புதன், காலை 10 மணி வகுப்பைப் பற்றி மூன்று சந்தேகம்.
> 1. வகுப்பு ரத்துதானே, வேறு யாரும் வந்து எடுக்க மாட்டார்களே?
> 2. மூன்றாவது அசைன்மென்ட் வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டியது. அதில் மாற்றம் இல்லையே?
> 3. அணிக்கோவையையும் சமபடித்தான சமன்பாடுகளையும் திருப்பிப் பார்க்கச் சொல்லட்டுமா? வேறு எதையாவது சொல்ல வேண்டுமா?

மூன்றாவது கேள்வி கேட்கப்பட்டிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். "என்ன படிக்கச் சொல்லட்டும் சார்?" என்று வெறுமனே கேட்டால், "இதுவரை நடத்தியதைப் படிக்கச் சொல்" என்றுதான் பதில் வரும். அதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. நீங்களே ஒன்றை முன்வைத்தால், சரி என்பார், அல்லது "அதோடு வெக்டர் பெருக்கலையும் சேர்த்துக்கொள்" என்று திருத்துவார். இரண்டும் உங்களுக்கு லாபம்.

அன்றைக்கு வகுப்பில் ஏதாவது சிறுதேர்வு வைப்பதாகச் சொல்லியிருந்தால் அதையும் கேட்டுவிடுங்கள். வகுப்பு ரத்தானால் தேர்வு அடுத்த வகுப்புக்குத் தானாகவே போய்விடும் என்று பாதிப் பேர் நினைப்பார்கள், தேர்வே போய்விட்டது என்று மீதிப் பேர் நினைப்பார்கள். சார் மூன்றாவதாக ஒன்றை நினைத்திருப்பார்.

பதில் வரும்வரை எவ்வளவு நேரம் காத்திருப்பது? வகுப்புக்கு இன்னும் ஒரு நாளாவது இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் பொறுக்கலாம். அதற்குள் பதில் இல்லையென்றால் துறை அலுவலகத்தில் கேளுங்கள், மாற்று ஆள் வருவது அங்கே தெரிந்திருக்கும். மெசேஜ் ராத்திரி வந்து வகுப்பு மறுநாள் காலை என்றால் காத்திருக்க நேரமில்லை. தூரத்திலிருந்து விடியற்காலையிலேயே கிளம்புகிறவர்கள் இருப்பார்கள். அப்போது தெரிந்ததை மட்டும் உடனே போடுங்கள்: "மார்ச் 12 புதன் காலை 10 மணி வகுப்புக்கு வரவில்லை என்று சாரே சொல்லியிருக்கிறார். வேறு யாராவது எடுப்பார்களா என்று கேட்டிருக்கிறேன், காலை 7 மணிக்குள் சொல்கிறேன்." 7 மணிக்குப் பதில் வந்திருந்தாலும் வராவிட்டாலும், சொன்னபடி குழுவில் ஒரு வரி வர வேண்டும்.

சரி, பதில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வகுப்பு ரத்து, மாற்று ஆள் இல்லை, அசைன்மென்ட் தேதியில் மாற்றமில்லை, நீங்கள் சொன்ன பாடங்களே போதும் என்கிறார். குழுவில் நான் போட்டால் இப்படிப் போடுவேன்:

> ரத்து: கணக்கு வகுப்பு, மார்ச் 12 புதன், காலை 10–11
>
> சார் அன்று வர இயலாததால் இந்த ஒரு வகுப்பு மட்டும் இல்லை. மாற்று ஆசிரியரும் வரமாட்டார். சாரிடம் கேட்டு உறுதிசெய்துவிட்டேன்.
>
> மாறாதவை: வியாழக்கிழமை கணக்குப் பயிற்சி வகுப்பு வழக்கம்போல் உண்டு. மூன்றாவது அசைன்மென்ட் மார்ச் 14 வெள்ளி இரவு 11:59-க்குள் போர்ட்டலில் ஏற்ற வேண்டும், தேதி தள்ளவில்லை.
>
> இன்னும் முடிவாகாதது: ஈடுசெய்யும் வகுப்பு எப்போது என்று சார் சொல்லவில்லை. சொன்னதும் இங்கே போடுகிறேன்.
>
> அடுத்த வகுப்பு மார்ச் 14 வெள்ளி காலை 10. ஐகன் மதிப்பு ஆரம்பம். அதற்குள் அணிக்கோவை, சமபடித்தான சமன்பாடுகள் இரண்டையும் திருப்பிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். பயிற்சிக்கு மூன்று கேள்விகள் தனியாகப் போடுகிறேன். அவை நான் எழுதியவை, மதிப்பெண் எதுவும் கிடையாது.

இதில் "நாளை" என்ற சொல் எங்குமே இல்லை. ராத்திரி 11:40-க்கு நீங்கள் எழுதும் "நாளை"யை ஒருவர் 12:10-க்குப் படிப்பார், இன்னொருவர் காலையில் பல் துலக்கிக்கொண்டே படிப்பார். அவர்களுக்கு நாளை என்பது வியாழக்கிழமை. அந்தச் செய்தி வேறு குழுவுக்கு ஃபார்வர்டு ஆனால் இன்னும் மோசம். கிழமை, தேதி, நேரம் மூன்றும் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். ஃபோனை எடுக்காமலே, அறிவிப்புத் திரையில் தெரியும் அந்த ஒற்றை வரியைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். "அன்பு நண்பர்களே, அனைவருக்கும் இனிய இரவு வணக்கம்" என்று ஆரம்பித்தால் திரையில் தெரிவது அது மட்டும்தான்.

"மாறாதவை" என்ற பத்தி பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஆனால் ரத்துச் செய்தியால் வரும் குழப்பத்தில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. கணக்கு இல்லை என்று கேட்டதும், கணக்கு சம்பந்தப்பட்ட எதுவுமே இல்லை என்று மனசு எடுத்துக்கொள்கிறது. பயிற்சி வகுப்பை வேறொருவர் எடுக்கிறார் என்றால் அது நடக்கத்தான் செய்யும். அசைன்மென்ட் போர்ட்டல் யார் லீவில் இருக்கிறார் என்று பார்ப்பதில்லை, குறித்த நேரத்துக்குத் தானாக மூடிக்கொள்ளும். "சாரே வரல, அப்புறம் எதுக்கு சப்மிட் பண்ணணும்" என்று யாராவது ஒருவர் குழுவில் விளையாட்டாக எழுதுவார். அதைப் பத்துப் பேர் நிஜமாக எடுத்துக்கொள்வார்கள்.

காரணத்தை எழுதாமல் விட்டதும் தெரிந்தே செய்ததுதான். காய்ச்சல் என்றோ வீட்டில் துக்கம் என்றோ அவர் உங்களிடம் சொல்லியிருக்கலாம். அது உங்களிடம் சொன்னது. "வர இயலாததால்" என்பதே போதும், யாராவது துருவிக் கேட்டாலும் அதற்கு மேல் வேண்டாம். வருகைப்பதிவைப் பற்றியும் நீங்களாக எதுவும் சொல்லாதீர்கள். ரத்தான வகுப்பை மொத்தக் கணக்கில் சேர்ப்பார்களா இல்லையா என்பது துறை முடிவு செய்வது. "அட்டெண்டன்ஸ் எல்லாருக்கும் போட்டுடுவாங்க" என்று ஆறுதலுக்குச் சொல்லிவிட்டால், பிறகு யாருக்காவது சதவீதம் குறையும்போது உங்கள் செய்தியைத்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டுவார்கள்.

போட்ட பிறகு ஏதாவது மாறினால் பழைய செய்தியைத் திருத்தாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், ஆனால் திருத்தியதற்காகப் புதிதாக அறிவிப்பு எதுவும் போகாது. முதலில் படித்துவிட்டவர் திரும்பப் பார்க்க மாட்டார். "திருத்தம்:" என்று ஆரம்பித்து முழுச் செய்தியையும் புதிதாகப் போட்டு, பழைய செய்தியைப் பின் செய்திருந்தால் அதை நீக்கிவிட்டு, இதைக் குழுவின் மேலே பின் செய்யுங்கள். குழுவில் இல்லாத இரண்டு மூன்று பேர் எப்போதும் இருப்பார்கள்: தாமதமாகச் சேர்ந்தவர், நம்பர் மாற்றியவர், வாட்ஸ்அப்பே வேண்டாம் என்றிருப்பவர். அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும், ஆளுக்கொரு எஸ்எம்எஸ் போதும். இன்னொரு பிரிவும் இதே அறையில் சேர்ந்து உட்காருமானால் அந்தப் பிரிவின் பிரதிநிதிக்கும் அதே வாசகத்தை அப்படியே அனுப்புங்கள். அவர் தன் பாணியில் மாற்றி எழுதும்போதுதான் 10 மணி 11 மணி ஆகிறது.

இனி படிக்கும் விஷயம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், உங்களுக்கும் உண்மையில் கஷ்டமானது இதுதான்.

எதைத் திருப்பிப் பார்க்கச் சொல்வது என்று முடிவுசெய்ய, போன வகுப்பிலிருந்து தொடங்கக் கூடாது. அடுத்த வகுப்பிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். பாடப்புத்தகத்தில் அடுத்த பகுதியைத் திறந்து, அதன் முதல் எடுத்துக்காட்டை மட்டும் படியுங்கள். புரிய வேண்டும் என்றில்லை. அந்த எடுத்துக்காட்டில் விளக்கம் சொல்லாமலே பயன்படுத்தியிருக்கும் விஷயங்களைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். ஐகன் மதிப்பைப் பொறுத்தவரை எந்தப் புத்தகத்திலும் கிட்டத்தட்ட இவைதான் வரும்: 2×2 அணிக்கோவை காண்பது, அலகு அணியின் மடங்கைக் கழிப்பது, அணிக்கோவை சுழியானால் சமபடித்தான சமன்பாடுகளுக்கு வெளிப்படையற்ற தீர்வு உண்டு என்பது, ஓர் அணியை வெக்டரால் பெருக்குவது. இந்த நான்கும் கைக்கு வந்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை வகுப்பு வழுக்கிக்கொண்டு போகும். மூன்றாவது மட்டும் தெரியாதவர்கள் பத்தாவது நிமிடத்திலேயே கழன்றுகொள்வார்கள். அது நடக்கும்போது கரும்பலகை முன்னால் நிற்பவனுக்கு நன்றாகத் தெரியும், பேனாக்கள் ஓடுவது நிற்காது, தலைகள் மட்டும் நிமிரவே நிமிராது.

"நாமே ஐகன் மதிப்பை முன்கூட்டிப் படித்துவிடலாமே" என்று உற்சாகமான ஒருவர் சொல்வார். வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பத்துப் பேர் அரைகுறையாகப் படித்துவிட்டு வருவார்கள், ஐம்பது பேர் வரமாட்டார்கள். சார் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்பார். ஆர்வமுள்ளவர் தனியாகப் படிக்கட்டும், குழுவுக்குச் சொல்வது திருப்புதல் மட்டும்.

அந்தத் திருப்புதலையும் "பக்கம் 84 முதல் 97 வரை படிக்கவும்" என்று கொடுக்காதீர்கள். பக்கங்களைப் புரட்டும்போது எல்லாமே தெரிந்த மாதிரி இருக்கும், அதுதான் சிக்கல். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது சுமார் 81 சதவீதம் நினைவுபடுத்திச் சொன்னார்கள். ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் 75. முதல் கூட்டம்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்: திரும்பப் படித்தவர்கள் 42, எழுதிப் பழகியவர்கள் 56. புதன் காலையில் மூன்று கேள்விகளைப் போட்டுப் பார்த்தவருக்கும், நோட்டை இரண்டு தடவை புரட்டியவருக்கும் அன்றைக்கு வித்தியாசம் தெரியாது. புரட்டியவருக்குத்தான் நம்பிக்கை அதிகமாகக்கூட இருக்கும்.

ஆகவே கேள்விகளாகக் கொடுங்கள். ரத்தான வகுப்பு ஒரு மணி நேரம், கேள்விகளும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். மூன்று போதும். நீளமாக இருந்தால் யாரும் தொடங்கவே மாட்டார்கள். இதோ, அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் கேள்வி:

```
2x + 4y = 0
 x + 2y = 0
```

கெழுக்களின் அணிக்கோவையைக் காண்க. x = 0, y = 0 தவிர வேறு தீர்வு உண்டா? இருந்தால் இரண்டு எழுதுக.

அணிக்கோவை 2·2 − 4·1 = 0. முதல் சமன்பாடு இரண்டாவதன் இரு மடங்குதான், எனவே கையில் உண்மையில் ஒரே ஒரு நிபந்தனை இருக்கிறது: x = −2y. (−2, 1) ஒரு தீர்வு, (4, −2) இன்னொன்று, இப்படி எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். இங்கே பலர் செய்யும் தவறு, வலப்பக்கம் சுழி என்று கண்டவுடனே "x = y = 0" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவது. அது தவறான தீர்வும் இல்லை, அதனால் தவறு செய்ததே அவர்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் "வேறு தீர்வு உண்டா" என்று கேள்வியிலேயே கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது கேள்வி:

```
A = [ 4  1 ]
    [ 2  3 ]
```

I என்பது அலகு அணி. A − kI என்ற அணியை எழுதுக. k-இன் எந்த மதிப்புகளுக்கு அதன் அணிக்கோவை சுழியாகும்?

```
A − kI = [ 4−k   1  ]
         [  2   3−k ]

(4−k)(3−k) − 2 = 0
k² − 7k + 10 = 0
(k−2)(k−5) = 0
```

k = 2 அல்லது k = 5. இங்கே விடையைப் பார்த்தே எங்கே சறுக்கினோம் என்று கண்டுபிடிக்கலாம். ஒருவருக்கு k = 2.5 என்று ஒரே ஒரு விடை வந்தால், அவர் மூலைவிட்ட உறுப்புகளில் மட்டும் கழிக்காமல் நான்கு உறுப்புகளிலிருந்தும் k-ஐக் கழித்திருக்கிறார். அப்படிச் செய்தால் k² அடிபட்டுப்போய் 10 − 4k = 0 என்று நிற்கும். kI என்ற அணியில் மூலைவிட்டத்துக்கு வெளியே சுழிதான் இருக்கிறது என்பதை அவர் மறந்துவிட்டார். 3, 4 என்று விடை வந்தால் "− 2" என்ற உறுப்பை விட்டுவிட்டார். பின்ன மூலங்களோ வர்க்கமூல அடையாளமோ வந்தால் பெருக்கலில் கைத்தவறு. இரண்டு மூலங்களின் கூடுதல் 4 + 3, அதாவது 7 வர வேண்டும், பெருக்கல் A-இன் அணிக்கோவையான 10 வர வேண்டும். இந்த இரண்டும் பொருந்தினால் விடை சரி.

குழுவில் விடைகளைப் போடும்போது இந்தத் தவறான விடைகளையும் சேர்த்தே போடுங்கள். "எனக்கு 2.5 வருது" என்று ஒருவர் கேட்டு, நான்கு பேர் நான்கு விளக்கம் சொல்லி, நடுவில் மதியச் சாப்பாட்டுப் பேச்சு புகுந்து, கடைசியில் எது சரி என்று தெரியாமல் போவதை இது தடுக்கும்.

மூன்றாவது கேள்வி: k = 5 என்று போட்டு (A − kI)-க்கான சமபடித்தான சமன்பாடுகளைத் தீர்த்து, சுழியல்லாத ஒரு தீர்வை எழுதுக. அந்த வெக்டரை A-ஆல் பெருக்கிப் பார்க்க. பிறகு k = 2-க்கும் அதையே செய்க. கடைசியாக (1, 0) என்ற வெக்டரையும் A-ஆல் பெருக்கிப் பார்க்க. மூன்று விடைகளுக்குள் என்ன வேறுபாடு என்று ஒரு வரியில் எழுதுக.

```
k = 5:  −x + y = 0      →  (1, 1)    A·(1, 1)  = (5, 5)
k = 2:   2x + y = 0     →  (1, −2)   A·(1, −2) = (2, −4)
                                     A·(1, 0)  = (4, 2)
```

(1, 1) ஐந்து மடங்காகி வந்திருக்கிறது, (1, −2) இரண்டு மடங்காகி வந்திருக்கிறது. (1, 0) மட்டும் தன் மடங்காக இல்லாமல் வேறு பக்கம் திரும்பிவிட்டது. கேள்வியில் ஐகன் மதிப்பு என்ற பேச்சே இல்லை, எல்லாமே போன வாரம்வரை நடத்திய பாடம்தான். ஆனால் இந்தக் கடைசி வரியை எழுதியவர் வெள்ளிக்கிழமை சார் வாயைத் திறக்கும்போதே, அட, இதுவா என்று நிமிர்ந்து உட்காருவார். ஈடுசெய்யும் வகுப்பே கிடைக்காமல் போனாலும், சார் முதல் கால்மணி நேரத்தை இதற்காகச் செலவழிக்க வேண்டியிருக்காது.

k = 5 போடும்போது x = y = 0 மட்டும்தான் தீர்வு என்று யாருக்காவது வந்தால், அவர் A − 5I-ஐத் தவறாக எழுதியிருக்கிறார் என்று உடனே சொல்லிவிடலாம். அணிக்கோவை சுழியாகும்படிதானே அந்த 5-ஐத் தேர்ந்தெடுத்தோம், வேறு தீர்வு இருந்தே ஆக வேண்டும். (1, 1)-க்குப் பதிலாக (3, 3) என்றோ (−1, −1) என்றோ எழுதியவர்கள் தங்கள் விடை தவறோ என்று பதறுவார்கள். எல்லாமே சரிதான், ஒரே திசையில் இருந்தால் போதும் என்று விடைக்குக் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

விடைகளைக் கேள்விகளோடு சேர்த்துப் போடாதீர்கள். கேள்விகள் புதன் காலை 10 மணிக்கு, அதாவது வகுப்பு நடந்திருக்க வேண்டிய நேரத்திலேயே போகட்டும். அந்த ஒரு மணி நேரம் எல்லோருக்கும் காலியாக இருக்கிறது, வளாகத்திலும் இருப்பார்கள். விடைகள் மாலையில். இரண்டு நாள் முன்னதாகவே கேள்விகளைப் போட்டால் ரத்துச் செய்தியோடு சேர்ந்து மேலே போய்விடும், யாரும் தேடி எடுக்க மாட்டார்கள்.

உங்களுக்கே இந்தப் பாடத்தில் தடுமாற்றம் என்றால் கேள்விகளை நீங்கள் எழுத வேண்டும் என்ற கட்டாயமில்லை. பயிற்சி வகுப்பு எடுப்பவரிடம் கேட்கலாம், அல்லது ஏற்கெனவே கொடுத்த பயிற்சித்தாளிலிருந்து இந்த மூன்று வகைக்கும் ஒவ்வொன்று பொறுக்கலாம். எங்கிருந்து எடுத்தது என்று மட்டும் எழுதிவிடுங்கள். சார் சொன்னது எது, நீங்கள் சேர்த்தது எது என்று பிரித்துக் காட்டுவது முக்கியம். கலந்துவிட்டால் "இதிலிருந்துதான் தேர்வில் வரும்னு சார் சொன்னாராம்" என்று மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும், வராதபோது அவர் மேலும் கோபம், உங்கள் மேலும் கோபம். பிரதிநிதிகள் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இதுதான்.

வேறு பாடமாக இருந்தாலும் இதே பின்னோக்கி வரும் முறை செல்லும். ரத்தானது ஆய்வக வகுப்பு என்றால், அடுத்த சோதனைக்குத் தேவையான அளவீடு எது, அதை எந்தக் கருவியில் எடுப்பது, போன சோதனையின் அறிக்கையில் எது பாக்கி என்று பார்த்தால் போதும். இலக்கிய வகுப்பு என்றால் அடுத்து விவாதிக்கப்போகும் பகுதியை ஒருமுறை முழுக்கப் படித்து, புரியாத மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு வருவதே திருப்புதல்.

வியாழன் இரவு சாருக்கு ஒரு வரி அனுப்புங்கள்: "கேள்விகள் போட்டோம் சார். முதல் இரண்டும் பெரும்பாலோருக்கு வந்துவிட்டது, k = 5 போட்ட பிறகு தீர்வு எழுதுவதில் நிறைய பேர் நின்றுவிட்டார்கள்." எத்தனை பேர் போட்டார்கள், யார் போடவில்லை என்றெல்லாம் வேண்டாம், உங்கள் வேலை கண்காணிப்பு இல்லை. எங்கே நின்றார்கள் என்பது தெரிந்தால் வெள்ளிக்கிழமை அவர் அங்கிருந்தே தொடங்குவார். ஈடுசெய்யும் வகுப்புக்குத் தேதி கேட்பதாக இருந்தால் அதே செய்தியில் கேட்டுவிடுங்கள். கேட்பதற்கு முன்பு எல்லோருக்கும் காலியாக இருக்கும் இரண்டு நேரங்களைக் கால அட்டவணையில் பார்த்து, அந்த நேரத்தில் அறையும் காலியா என்று அலுவலகத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். "எப்போ சார் வைக்கலாம்" என்று கேட்டால் வாரக்கணக்கில் இழுக்கும். "செவ்வாய் மாலை 3 அல்லது வியாழன் காலை 9, இரண்டுக்கும் அறை இருக்கிறது" என்றால் அன்றைக்கே பதில் வரும்.